ஏழு என்பது நடுநிலையின் இலக்கணமன்று

நாட்டின் பெரும்பாலான மாணவர்கள் நீரின் அயனியாதலை முதன்முதலாகச் சந்திப்பது என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலின் சமநிலை பற்றிய பாடத்தில்தான். அப்பாடம் ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு செய்திகளைத் தருகிறது. நீரின் அயனிப் பெருக்கம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்று முதலில் சொல்கிறது. அம்மாற்றத்தால் பிஎச் மதிப்பில் நேரும் வேறுபாடு மிகச் சிறியது, ஆகவே பெரும்பாலும் அதைக் கருதுவதில்லை என்ற பொருளில் பிறகு ஒரு வரி வருகிறது. அதே பாடத்தின் பயிற்சிக் கணக்குகளிலோ, 310 கெல்வின் வெப்பநிலையில் அயனிப் பெருக்கம் 2.7 × 10⁻¹⁴ என்று கொடுக்கப்பட்டு, அவ்வெப்பநிலையில் நடுநிலை நீரின் பிஎச் என்ன என்று கேட்கப்படுகிறது. விடை 6.78.

புறக்கணிக்கலாம் என்ற வரியும் புறக்கணிக்காதே என்ற கணக்கும் ஒரே பாடத்தில் இருந்தால் மாணவர் மனத்தில் நிற்பது முதலாவதே. கணக்கைப் போட்டு 6.78 என்று விடை எழுதிய மாணவரும், தாம் எழுதியதன் பொருளை யாரும் கேட்காத காரணத்தால், அதை ஓர் எண் விளையாட்டாகக் கருதிக் கடந்துவிடுகிறார்.

அந்த மாணவர் ஆறேழு ஆண்டுகள் கழித்து முதுநிலைப் பட்டப் படிப்பின் வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். 60 பாகை செல்சியசில் தூய நீரின் பிஎச் ஏறத்தாழ 6.5, அந்நீர் அமிலமா என்பது கேள்வி. இதற்கு வழக்கமாக வரும் விடைகள் இரண்டு. 'ஏழைவிடக் குறைவு, எனவே வலுக்குறைந்த அமிலம்' என்பது ஒன்று. 'தூய நீர் எப்போதும் நடுநிலையே, ஆகவே 6.5 என்பது அளவீட்டுப் பிழை' என்பது மற்றொன்று. முதல் விடை சொல்பவர் நீரின் இயல்பைக் கைவிடுகிறார். இரண்டாம் விடை சொல்பவர் அளவீட்டைக் கைவிடுகிறார். இருவருமே கைவிட மறுப்பது ஏழு என்ற எண்ணை மட்டும். கைவிட வேண்டியது அதுவே.

நடுநிலை என்பதற்கு வேதியியலில் ஒரே இலக்கணம்தான் உண்டு. கரைசலில் ஹைட்ரோனியம் அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சம அளவில் இருக்க வேண்டும். இதில் எந்த எண்ணும் இல்லை. எண் பிறப்பது அடுத்த படியில்:

Kw = [H₃O⁺][OH⁻]
நடுநிலையில் pH = ½ pKw

25 பாகையில் pKw மதிப்பு 14.00 ஆக இருப்பதால் அதன் பாதி ஏழு. அம்மதிப்பு முழு எண்ணாக அமைந்தது இயற்கை விதியால் அன்று; ஆய்வக வசதிக்காக மனிதர் தேர்ந்துகொண்ட ஒரு வெப்பநிலையில் அவ்வாறு நேர்ந்திருக்கிறது, அவ்வளவே. 0 பாகையில் அது 14.95, 10 பாகையில் 14.53, 40 பாகையில் 13.53, 60 பாகையில் 13.02, 100 பாகையில் 12.25. ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்தால் நடுநிலைப் புள்ளி உறைநிலைக்கருகே 7.5 ஆகவும் கொதிநிலையில் 6.1 ஆகவும் இருப்பது தெரியும். சூடேறும்போது இருவகை அயனிகளும் பெருகுகின்றன, ஒரே அளவில் பெருகுகின்றன. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே எடையைக் கூட்டிக்கொண்டே போனால் முள் நகர்வதில்லை. பிஎச் அளவோ ஒரு தட்டின் எடையை மட்டும் சொல்வது. அது கூடியதைக் கண்டு தராசு சாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் 'சுடுநீர் அமிலம்' என்ற விடை.

இவ்வளவுக்கும், பிஎச் என்ற அளவையே உருவாக்கியவருக்கு ஏழு நடுநிலையாக இருந்ததில்லை. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சென் 1909 ஆம் ஆண்டு அந்த அளவை முன்வைத்தபோது அவருடைய அளவீடுகள் 18 பாகையில் செய்யப்பட்டவை. அவர் கண்ட அயனிப் பெருக்கத்தின்படி நடுநிலைப் புள்ளி 7.07. பிற்காலத்தில் 25 பாகை பொது வெப்பநிலையானது, எண் முழுமையடைந்தது, முழுமையடைந்த எண் இலக்கணமாகிவிட்டது.

அயனிப் பெருக்கம் வெப்பத்தால் ஏன் உயர்கிறது என்பதற்கான விடை மாணவர் கையில் முன்பே இருக்கிறது. ஆனால் வேறொரு பாடத்தில் இருக்கிறது. வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் கலக்கும்போது வெப்பம் வெளிப்படும் என்பதும், எந்த அமிலம், எந்தக் காரம் என்ற வேறுபாடின்றி அது ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் என்பதும் நடுநிலையாக்கல் வெப்பம் பற்றிய பாடம். மிக நீர்த்த கரைசலில் 25 பாகையில் அது மோலுக்கு 55.8 கிலோஜூல். ஏன் ஒரே அளவு? சோடியமும் குளோரைடும் வேடிக்கை பார்ப்பவை. நிகழும் வினை ஹைட்ரோனியமும் ஹைட்ராக்சைடும் கூடி நீராவது மட்டுமே. அந்த வினையைத் திருப்பி எழுதினால் நீரின் அயனியாதல் கிடைக்கிறது. முன்நோக்கிச் செல்கையில் வெப்பத்தை உமிழ்வது பின்நோக்கி வருகையில் வெப்பத்தைக் கொள்ள வேண்டும். வெப்பம் கொள்ளும் சமநிலை, சூடேற்றினால் விளைபொருள் பக்கம் நகரும். லீ சாட்லியர் கொள்கை இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாடங்களும் ஒரே வினையின் இரு திசைகள் என்பதை ஆசிரியர் ஒரு முறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். பெரும்பாலான வகுப்பறைகளில் அந்த ஒரு முறை நேர்வதில்லை. வெப்ப இயக்கவியலும் அயனிச் சமநிலையும் இருவேறு பாடங்கள், சில கல்லூரிகளில் இருவேறு ஆசிரியர்கள்.

எவ்வளவு நகரும் என்பதையும் அதே 55.8 கிலோஜூலே சொல்லிவிடும். வான்ட் ஹாஃப் சமன்பாட்டில் இதை இட்டு 25 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகலாம்.

ln(K₂/K₁) = (ΔH/R)(1/T₁ − 1/T₂)
= (55800/8.314)(1/298.15 − 1/333.15)
= 2.365

அதாவது அயனிப் பெருக்கம் ஏறத்தாழ 10.6 மடங்கு உயர்கிறது. pKw 14.00 இலிருந்து 12.97 ஆகக் குறையும் என்பது கணிப்பு; அளவிடப்பட்டது 13.02. நடுநிலைப் புள்ளி 6.49 என்று கணிப்பும் 6.51 என்று அளவீடும் சொல்கின்றன. ஒரு பள்ளிப் பாடத்து எண்ணை மட்டும் கொண்டு இவ்வளவு நெருங்க முடிகிறது.

ஆனால் இக்கணக்கை இன்னும் மேலே கொண்டுபோனால் அது இடறும், இடறுமிடம்தான் சுவையானது. 100 பாகைக்கு அதே கணிப்பு 12.03 என்கிறது, அளவீடு 12.25. 250 பாகைக்கு (அழுத்தத்தில் நீர்மமாகவே வைத்திருக்கும் நீருக்கு) கணிப்பு 9.8, அளவீடு 11.2. அவ்வெப்பநிலைக்குச் சற்று அப்பால் அயனிப் பெருக்கம் உயர்வதை நிறுத்தி இறங்கவே தொடங்குகிறது. 300 பாகையில் pKw மீண்டும் 11.3 ஐத் தாண்டுகிறது. சூடேறச் சூடேற நீர் மேலும் மேலும் அயனியாகும் என்று பொதுப்படச் சொல்வதும் முழு உண்மையன்று என்பதை இது காட்டுகிறது.

இங்கேதான் 'வெப்பம் பிணைப்பை உடைக்கிறது' என்ற வழக்கமான விளக்கத்தின் போதாமை வெளிப்படுகிறது. தனித்த ஒரு நீர் மூலக்கூற்றை, சுற்றிலும் வேறெதுவும் இல்லாத வாயு நிலையில், புரோட்டானாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிக்க மோலுக்கு 1,600 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். நீர்ம நீரில் ஆகும் நிகரச் செலவோ 56 கிலோஜூல்கூட இல்லை. மீதியைச் செலுத்துவது சுற்றியுள்ள நீர். பிரிந்த அயனிகளை அது சூழ்ந்து, தன் இருமுனை மூலக்கூறுகளை அவற்றை நோக்கித் திருப்பி, ஏறத்தாழ முழுச் செலவையும் ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே 55.8 என்பது ஒரு பிணைப்பின் விலையன்று. மிகப் பெரிய இரண்டு தொகைகளைக் கழித்தபின் எஞ்சும் சிறு மீதி. அந்த ஈட்டைத் தரும் திறன் வெப்பநிலையுடன் மாறுகிறது. நீரின் மின்காப்பு மாறிலி 25 பாகையில் 78. 100 பாகையில் 55. 250 பாகையில் ஏறத்தாழ 27. அயனிகளுக்கிடையிலான ஈர்ப்பைத் தணிக்கும் ஆற்றல் இவ்வாறு சரிகிறது. சூடான, அடர்த்தி குறைந்த நீரில் அயனியைச் சுற்றி மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படும்போது கிடைக்கும் வெப்பமும் அதனால் இழக்கப்படும் ஒழுங்கின்மையும் கூடுகின்றன. இவற்றின் நிகர விளைவாக அயனியாதலுக்குத் தேவைப்படும் வெப்பம் வெப்பநிலை உயர உயரச் சுருங்கி, 250 பாகையை ஒட்டிச் சுழியாகி, பிறகு குறி மாறிவிடுகிறது. குறி மாறியபின் லீ சாட்லியர் கொள்கையும் எதிர்த்திசையில் பேசும். கொள்கை பிழைபடவில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட எண் மாறியிருக்கிறது.

அயனியாதல் எவ்வளவு அரிய நிகழ்ச்சி என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஐகனும் டி மேயரும் 1955 ஆம் ஆண்டு வெளியிட்ட வினைவேக அளவீடுகளின்படி, 25 பாகையில் ஒரு குறிப்பிட்ட நீர் மூலக்கூறு தானாகப் பிரிவதற்குச் சராசரியாகப் பத்து, பதினோரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிரிந்த அயனிகள் வேறோர் எதிர் அயனியைக் கண்டவுடன் சேர்ந்துவிடுவதோ கரைசல்களில் அறியப்பட்ட மிக விரைவான வினைகளுள் ஒன்று. வெப்பநிலை முதன்மையாக அசைப்பது அந்த மெதுவான பாதியை.

இவையெல்லாம் இருக்கட்டும், தூய நீரில் அரை அலகு மாறினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கப்படலாம். பாடநூல் வரியின் உட்பொருளும் அதுவே. இதற்கு விடை தூய நீரில் இல்லை. காரக் கரைசலில் இருக்கிறது.

லிட்டருக்கு 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட கரைசலை எடுத்துக்கொள்ளலாம். 25 பாகையில் அதன் பிஎச் 3. அதை 60 பாகைக்குச் சூடேற்றினால்? அமிலம் முன்பே முழுவதும் பிரிந்துவிட்டது. நீர் தரும் அயனிகள் அதன் முன் ஒரு பொருட்டல்ல. பிஎச் மூன்றாகவே இருக்கும். இனி அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு. 25 பாகையில் பிஎச் 11. சூடேற்றும்போது இங்கேயும் ஹைட்ராக்சைடின் செறிவு மாறுவதில்லை, 0.001 ஆகவே நிற்கிறது. ஆனால் பிஎச் அளப்பது ஹைட்ரோனியத்தை. அது அயனிப் பெருக்கத்தை ஹைட்ராக்சைடால் வகுத்துக் கிடைப்பது. பெருக்கம் பத்து மடங்கு உயர்ந்துவிட்டதால் ஹைட்ரோனியமும் பத்து மடங்கு உயர்கிறது. 13.02 இலிருந்து 3 ஐக் கழித்தால் 10.02. ஒரு முழு அலகு இறங்கிவிட்டது. காரம் எதையும் இழக்கவில்லை.

தூய நீரில் அரை அலகு, அமிலத்தில் சுழி, காரத்தில் ஒன்று. இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு 'மாற்றம் மிகச் சிறியது' என்ற வரியின்மீது ஐயம் எழும். நடுநிலைப் புள்ளியிலிருந்து அளந்தால் மட்டுமே படம் நேராகிறது. 25 பாகையில் அமிலம் ஏழுக்கு நான்கு அலகு கீழே, காரம் நான்கு அலகு மேலே. 60 பாகையில் அமிலம் 6.51 க்கு 3.51 அலகு கீழே, காரம் 3.51 அலகு மேலே. சமச்சீர் குலையவில்லை, மையம் இடம்பெயர்ந்து, இரு கைகளும் ஒரே அளவு குட்டையாகியுள்ளன. ஏழை மையமாகப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கோ அமிலம் அப்படியே இருக்க, காரம் மட்டும் காரணமின்றி வலுவிழப்பதாகத் தோன்றும். சூடான காரக் கரைசலில் வினை நடத்தி, பிஎச் இறங்கியதைக் கண்டு 'வினை காரத்தைச் செலவிட்டது' என்று முடிவெழுதும் ஆய்வேடு இந்தத் தோற்றத்திலிருந்துதான் பிறக்கிறது. குளிரவைத்து மீண்டும் அளந்து பார்த்திருந்தால் அந்த முடிவு எழுதப்பட்டிராது.

ஆகவே கல்லூரி ஆய்வகங்களில் இதைக் கற்பிக்கத் தூய நீரைத் தேர்ந்தெடுப்பது தவறு; காரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தூய நீரின் பிஎச் அளவீடு அனுபவமுள்ளவர்களுக்கே கைகூடாதது. காற்றுப் பட்ட வாலைவடி நீர், கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6, 5.7 என்று காட்டும். அதைச் சூடேற்றினால் வாயு வெளியேறி பிஎச் உயரவும் செய்யும். அதாவது மாணவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக. போதிய அயனிகள் இல்லாத நீரில் மின்முனையின் அளவும் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்நிலையில் ஒரு மாணவர் சுடுநீரில் 6.1 என்று கண்டு, கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதினால், அவர் கண்டது பெரும்பாலும் கரியமில வாயுவின் மிச்சத்தையே.

0.001 மோலார் காரத்தில் இத்தொல்லை பெரிதும் குறைகிறது. கொதிக்கவைத்து மூடிய நிலையில் ஆறவைத்த நீரில் கரைசலைப் புதிதாகத் தயாரித்து, குறுகிய வாய்க் குடுவையில் மூடிவைத்து, 25 பாகையில் ஒரு முறை, 60 பாகையில் ஒரு முறை, மீண்டும் 25 பாகைக்குக் குளிர்வித்து ஒரு முறை அளக்க வேண்டும். மூன்றாம் அளவீடுதான் உயிரானது. காரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும். அதனாலும் பிஎச் இறங்கும். ஆனால் அந்த இறக்கம் குளிர்வித்தாலும் மீளாது. அயனிப் பெருக்கத்தால் வந்த இறக்கம் குளிர்வித்தவுடன் மறைந்து 11 க்கு அருகே திரும்பும். திரும்பிவரும் பங்கு நீருடையது. திரும்பாத பங்கு வாயுவுடையது. பக்கத்தில் அதே செறிவுள்ள அமிலத்தையும் வைத்து, அது மூன்றிலேயே நிற்பதைக் காட்டிவிட்டால், கருவி சூட்டில் பிழைபடுகிறது என்ற ஐயமும் நீங்கும். பயன்படுத்தும் மின்முனை அவ்வெப்பநிலைக்கு உரியதா என்று மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியைப் பற்றிய ஒரு மயக்கம் ஆய்வு மாணவர்களிடையேகூடப் பரவலாக உள்ளது. பிஎச் மானிகளில் வெப்பநிலைத் தானியங்கு ஈடுசெய்தல் என்ற வசதி உண்டு. அது இயங்குவதால் கருவி காட்டும் எண் 25 பாகைக்கு மாற்றப்பட்ட எண் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறன்று. கண்ணாடி மின்முனை ஒரு பிஎச் அலகுக்குத் தரும் மின்னழுத்தம் 25 பாகையில் 59.16 மில்லிவோல்ட், 60 பாகையில் 66.1 மில்லிவோல்ட். ஈடுசெய்தல் இந்தச் சரிவின் மாற்றத்தை மட்டும் கணக்கில் கொள்கிறது. மில்லிவோல்ட்டைச் சரியாக பிஎச் ஆக மொழிபெயர்க்கிறது. கரைசலுக்குள் நிகழும் வேதியியலை அது தொடுவதில்லை. 60 பாகைக் காரத்தில் அது 10 என்று காட்டினால், 60 பாகையில் அதன் பிஎச் 10 என்றே பொருள்.

அதை 25 பாகைக்கு மாற்றித் தரும் ஒரு பொதுச் சூத்திரம் இருக்கவும் முடியாது. திட்டத் தாங்கல் கரைசல்களின் புட்டிகளிலேயே இதற்குச் சான்று ஒட்டப்பட்டிருக்கிறது. 25 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகையில் போராக்ஸ் தாங்கல் 9.18 இலிருந்து 8.96 ஆக இறங்குகிறது. பாஸ்பேட் தாங்கல் 6.86 இலிருந்து 6.84 என்று ஏறத்தாழ அசையாதிருக்கிறது. தாலேட் தாங்கல் 4.01 இலிருந்து 4.09 ஆக ஏறவே செய்கிறது. ஒவ்வொரு கரைசலிலும் பிரிவது வேறு மூலக்கூறு. அதன் அயனியாதல் வெப்பமும் வேறு. எந்தக் கரைசல் என்று அறியாத கருவி அதைத் திருத்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. புட்டியின்மேல் உள்ள அந்த அட்டவணையை அன்றாடம் பார்த்தும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காமல் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர்கள் குறைவல்லர்.

தொழிற்சாலைகள் இந்தச் சிக்கலை வேறு வகையில் கடந்துவிட்டன. அனல்மின் நிலையங்களில் கொதிகலன் நீரின் மாதிரியை முதலில் குளிர்வித்து, 25 பாகைக்கு அருகே கொண்டுவந்த பின்னரே பிஎச் அளக்கிறார்கள். வரம்புகளும் 25 பாகைக்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. காரணம் எளிது. ஹைட்ராக்சைடு செறிவு லிட்டருக்கு 0.0002 மோல் உள்ள நீர் 25 பாகையில் 10.3 என்று காட்டும். செறிவு மாறவில்லை என்று கொண்டால், அதே நீர் 250 பாகையில் 11.2 இலிருந்து 3.7 போக, 7.5 தான். ஏழை மனத்தில் வைத்திருப்பவர் அதை நடுநிலை என்று எண்ணி அஞ்சுவார். அங்கே நடுநிலை 5.6, நீர் அதற்கு ஏறத்தாழ இரண்டு அலகு மேலே காரமாகவே இருக்கிறது. இந்தியாவின் அழுத்தக் கனநீர் அணுஉலைகளில் சுழலும் கனநீருக்கோ, 25 பாகையிலேயே நடுநிலைப் புள்ளி 7.5 க்கு அருகில். ஐதரசனுக்குப் பதில் டியூட்டீரியம் இருந்தால் அயனிப் பெருக்கம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. ஏழு என்பது நீரின் பொதுப் பண்புகூட அன்று. சாதாரண நீரின், ஒரு வெப்பநிலையின் பண்பு.

பள்ளி நிலையில் ஏழு என்று சொல்வதே போதும், மற்றவை குழப்பும் என்பது ஆசிரியர்கள் பலருடைய கருத்து. அதில் பாதி ஏற்கத்தக்கது. நிறங்காட்டித் தாளை நனைத்துப் பார்க்கும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஏழு போதும். அந்தத் தாள் அரை அலகைக் காட்டப்போவதில்லை. ஆனால் சமநிலை மாறிலியும் மடக்கையும் கற்பிக்கப்படும் வகுப்பில் அந்த வாதம் நிற்காது. அங்கே ஏழை இலக்கணமாகச் சொல்வது எளிமைப்படுத்தல் அன்று; முன்பக்கத்தில் கற்பித்த சமநிலைக் கொள்கையைப் பின்பக்கத்தில் மறுப்பது. மேலும் இது வெப்ப நாடு. மே மாதத்தில் நாக்பூரிலோ வேலூரிலோ குளிர்சாதனம் இல்லாத ஆய்வக மேசை 40 பாகையைத் தொடும். அங்கே நடுநிலை 6.77. ஜனவரியில் ஸ்ரீநகரில் 10 பாகை உள்ள அறையில் 7.27. ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கும் இரண்டு மாணவர்களின் நடுநிலைப் புள்ளிகளுக்கிடையே அரை அலகு வேறுபாடு இருக்கும்போது, வேறுபாட்டைக் கருத வேண்டாம் என்று இருவருக்கும் பொதுவாக அச்சிட்டுக் கொடுப்பது விந்தையானது.

செய்ய வேண்டிய திருத்தமும் பெரிதன்று. நடுநிலையை அயனிகளின் சமத்துவமாக வரையறுத்து, ஏழுக்கு முன் '25 பாகையில்' என்ற சொற்களை எப்போதும் சேர்த்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி, இப்போதுள்ள அந்தப் பயிற்சிக் கணக்கிலேயே இருக்கிறது. 310 கெல்வினில் நடுநிலை நீரின் பிஎச் கேட்பதோடு நிறுத்தாமல், அதே வெப்பநிலையில் 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் பிஎச் என்ன, எது மாறியது, ஏன் என்றும் கேட்கலாம். விடைகள் 3.00, 10.57. காரத்தின் விடையை 11 என்று எழுதும் மாணவர் எத்தனை பேர் என்பதைத் திருத்தும் ஆசிரியர் எண்ணிப் பார்க்கட்டும்.